தகைவுக் கணக்குக்கு முன் மாடலை எளிதாக்குதல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

புதுச்சேரி சேதராப்பட்டில் நான் வேலை செய்யும் வடிவமைப்புக் கூடத்துக்கு வார்ப்புப் பொருள்களின் மாடல்கள் அடிக்கடி வரும். வார்ப்பு என்றாலே விளிம்புதோறும் வளைவு இருக்கும். மூலைதோறும் ஃபில்லெட் இருக்கும். அவற்றில் எதை நீக்கிவிட்டுத் தகைவுக் கணக்குப் போடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில்தான் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, என்ன அறிகுறி தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

பொருள் இதுதான்: கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து தொழிலுக்குப் போகும் இழுவலைப் படகு ஒன்றில், விஞ்சிலிருந்து வரும் கயிறு திரும்பிச் செல்லும் கப்பிக்கான தாங்கி. வார்ப்பு எஃகு, ஈல்டு வலிமை 230 மெகாபாஸ்கல். 20 மி.மீ. கனமுள்ள அடித்தகடு, அதன்மேல் செங்குத்தாக 120 மி.மீ. அகலமும் 20 மி.மீ. கனமும் உள்ள நின்ற தகடு. மூலையிலிருந்து 70 மி.மீ. உயரத்தில் கப்பி 12,000 நியூட்டன் விசையோடு கிடைமட்டமாக இழுக்கிறது. கப்பியைத் தாங்கியோடு இணைப்பது 40 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் கொண்ட ஒரு பட்டை.

மாடலில் இருந்த சின்னச் சமாச்சாரங்கள்: வெளி விளிம்புகள் எல்லாவற்றிலும் 2 மி.மீ. வளைவு, நின்ற தகடும் அடித்தகடும் சந்திக்கும் உள் மூலையில் 6 மி.மீ. ஃபில்லெட், போல்ட்டுக்கு நான்கு 18 மி.மீ. துளைகள், பெயர்த்தகட்டுக்கு இரண்டு 5 மி.மீ. துளைகள், புடைப்பாக எழுதிய பொருள் எண், கயிறு வழுக்கிப் போகாமல் தடுக்க அடித்தகட்டின் ஓரத்தில் 4 மி.மீ. கனத்தில் ஒரு வரப்பு. பட்டையின் நடுவே விளக்கு வயரைப் பிடிக்கும் கிளிப்புக்காக ஒரு 6 மி.மீ. துளை.

அறிகுறி: மெஷ் முடிவதே இல்லை, அல்லது எலிமென்ட் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போகிறது

இந்தப் பொருளுக்கு 5 மி.மீ. எலிமென்ட் தாராளமாகப் போதும். ஆனால் 2 மி.மீ. வளைவின் கால்வட்ட நீளம் 3.1 மி.மீ. மட்டுமே. அதை வளைவாகக் காட்ட மென்பொருள் அங்கே 1 மி.மீ. எலிமென்டுகளை அடுக்கும், விளிம்புகளின் மொத்த நீளம் இரண்டரை மீட்டர் என்பதால் அந்த அடுக்கு எல்லாப் பக்கமும் ஓடும். நீக்காமல் ஓட்டியபோது எண்ணிக்கை 6 லட்சத்தைத் தாண்டியது. அதிலும் மோசம், இரண்டு வளைவுகள் உரசினாற்போல் சந்தித்த ஓரிடத்தில் 0.08 மி.மீ. நீளத்தில் ஒரு விளிம்பு ஒளிந்திருந்தது. மெஷ் பாதியில் நின்றுபோனதற்கு அதுதான் காரணம். இத்தகைய விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. பட்டியல் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஃப்ரீகேட் பயன்படுத்துகிறவர்கள் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு பைதான் கன்சோலில் இதை ஓட்டலாம்:

```python
s = Gui.Selection.getSelection()[0].Shape
for i, e in enumerate(s.Edges, 1):
    if e.Length < 1.0:
        print("Edge%d" % i, round(e.Length, 3))

for i, f in enumerate(s.Faces, 1):
    r = getattr(f.Surface, "Radius", None)
    if r and r < 2.6:
        print("Face%d" % i, r)
```

முதல் பாதி குட்டி விளிம்புகளைக் காட்டும். இரண்டாம் பாதி நேர்விளிம்பு வளைவுகளையும் சின்னத் துளைகளையும் காட்டும். வளைந்த விளிம்பின்மேல் போட்ட ஃபில்லெட் இதில் அகப்படாது. அது வளைய வடிவப் பரப்பு என்பதால் அதன் அளவு `MinorRadius` என்ற பெயரில் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு முறை தேட வேண்டும்.

பட்டியல் கையில் வந்ததும் புடைப்பெழுத்து, பெயர்த்தகட்டுத் துளைகள், வெளி விளிம்பு வளைவுகள் என்ற வரிசையில் நீக்கினேன். எண்ணிக்கை 31 ஆயிரமாக இறங்கியது. வெளி விளிம்பு வளைவுகளை நான் தயங்காமல் எடுப்பதற்குக் காரணம் உண்டு. பொருளின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பின் முனையில் விசை பாய்வதில்லை. அங்கே வளைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தகைவு குறைவாகவே இருக்கும். அந்த 2 மி.மீ. வளைவு பெயின்ட்டுக்காகப் போட்டது. கூர்மையான விளிம்பில் பெயின்ட் மெலிந்துவிடும்; கடற்காற்றில் துரு முதலில் பிடிக்கும் இடம் அதுதான். உள்மூலை ஃபில்லெட்டின் கதை வேறு. அதற்குக் கீழே வருகிறேன்.

அறிகுறி: ஃபில்லெட்டை நீக்கச் சொன்னால் மென்பொருள் மறுக்கிறது, அல்லது நீக்கிய பின் பொருள் விசித்திரமாக வளர்ந்துவிடுகிறது

நீக்கும் கட்டளை உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது குழப்பாது. வளைவுப் பரப்பை எடுத்துவிட்டு, அதன் இருபுறமும் உள்ள பரப்புகளை ஒன்றையொன்று சந்திக்கும்வரை நீட்டுகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பதும் இன்னொரு வளைவாக இருந்தால் நீட்டுவதற்கு உருப்படியான பரப்பு கிடைக்காது. ஆகவே ஒரு துண்டை மட்டும் தேர்ந்தெடுக்காமல், தொடர்ந்து ஓடும் சங்கிலி முழுவதையும், மூன்று வளைவுகள் கூடும் மூலையில் உள்ள உருண்டைப் பரப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் மறுத்தால், எந்த ஃபில்லெட் கடைசியாகப் போடப்பட்டதோ அதை முதலில் எடுங்கள். மாடலின் வரலாறு கையில் இருந்தால் நீக்கவே வேண்டாம்; அந்தக் கட்டத்தை முடக்கி வைத்தால் போதும்.

வளர்ந்துவிடும் கோளாறு அந்த வரப்பில் வந்தது. 4 மி.மீ. கனம், இருபுறமும் 2 மி.மீ. வளைவு. அதாவது வரப்பின் உச்சியில் தட்டையான பரப்பே மிச்சமில்லை. இரண்டு வளைவுகளும் அதை விழுங்கிவிட்டன. வளைவை நீக்கியதும் மென்பொருள் வரப்பின் இரண்டு பக்கச் சுவர்களையும் நீட்டத் தொடங்கியது. வார்ப்பு அச்சிலிருந்து கழன்று வருவதற்காக அந்தச் சுவர்கள் ஒவ்வொன்றும் 1.5 பாகை சாய்ந்திருந்தன. 2 மி.மீ.யை 1.5 பாகையின் டேன்ஜென்ட்டால் வகுத்துப் பாருங்கள்: 76 மி.மீ. உயரத்துக்குப் போய்த்தான் அவை சந்திக்கும். திரையில் ஒரு கத்தி முளைத்து நின்றது. சாய்வு இல்லாமல் இணையான சுவர்களாக இருந்திருந்தால் சந்திப்பே கிடையாது, கட்டளை மறுத்திருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் வளைவு தொடங்கும் உயரத்தில் வரப்பைத் தட்டையாக வெட்டி, வெட்டிய 2 மி.மீ. உயரத்தைக் கட்டைபோல் திரும்ப ஏற்றிவிடுவதே சுருக்கமான வழி.

கத்தி கண்ணில் பட்டுவிடும். படாத வளர்ச்சியைப் பிடிக்கக் கன அளவை ஒப்பிடுங்கள். ஆரம் r உள்ள வெளி விளிம்பு வளைவை நீக்கினால் ஒரு மி.மீ. நீளத்துக்கு `0.215*r*r` கன மி.மீ. கூடும். 2 மி.மீ. ஆரத்துக்கு 0.86, இரண்டரை மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 2,150 கன மி.மீ.; எடையில் 17 கிராம். எட்டு கிலோவை ஒட்டிய பொருளில் இது பொருட்டில்லை. ஆனால் நீக்கிய பின் 200 கிராம் கூடியிருந்தால் எங்கோ ஒரு பரப்பு தவறாக நீண்டிருக்கிறது என்று அர்த்தம். மாடலின் `Shape.Volume` எண்ணை முன்னும் பின்னும் குறித்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அறிகுறி: மெஷ்ஷை நுணுக்க நுணுக்க ஒரு மூலையில் தகைவு ஏறிக்கொண்டே போகிறது

இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கே மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. படம் அழகாக வரும், எண்ணும் வரும், அந்த எண் பொய்யாக இருக்கும்.

எங்கள் கூடத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் இளைஞர் இந்தத் தாங்கியின் முதல் கணக்கைப் போட்டார். எல்லா வளைவுகளையும் ஒரே தேர்வில் நீக்கியிருந்தார். உள் மூலையின் 6 மி.மீ. ஃபில்லெட்டும் அதோடு போய்விட்டது. 5 மி.மீ. எலிமென்டில் மூலையில் 118 மெகாபாஸ்கல் வந்தது. நல்ல பழக்கமாக மெஷ்ஷைப் பாதியாக்கிப் பார்த்தார்: 162. மறுபடி பாதியாக்கினார்: 222. இன்னொரு முறை: 304. ஈல்டு வலிமை 230-தானே என்று பயந்துபோய், “அண்ணா, நின்ற தகட்டை 28 மி.மீ. கனமாக்கச் சொல்லலாமா?” என்று கேட்டார்.

அந்த நான்கு எண்களை அடுத்தடுத்து வகுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் 1.37 மடங்கு. இது தற்செயல் இல்லை. செங்கோணமாக உள்வாங்கிய கூர்மூலையில், மீள்தன்மைக் கோட்பாட்டின்படி தகைவுக்கு உச்ச வரம்பே கிடையாது; மூலையை நெருங்க நெருங்க, தூரத்தின் 0.456 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அது ஏறும். வில்லியம்ஸ் 1952-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். எலிமென்டைப் பாதியாக்கினால் மூலைக்குப் பாதித் தூரத்தில் போய்ப் படிக்கிறோம்; 2-இன் 0.456 அடுக்கு 1.37. எனவே எண் சுமார் 37 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துகிறீர்களோ அதுதான் உங்கள் விடை என்றாகிவிடும். முதலில் வந்த 118 சரியான விடைக்கு அருகில் தோன்றினாலும் அதுவும் நம்பத் தகாதது. 10 மி.மீ. எலிமென்டில் ஓட்டியிருந்தால் 86 வந்திருக்கும்.

கையால் போடும் கணக்கு இங்கே காலைத் தரையில் ஊன்ற உதவுகிறது. வளைதிருப்புமை 12,000 × 70 = 8,40,000 நியூட்டன் மி.மீ. வெட்டுமுகக் குணகம் 120 × 20 × 20 ÷ 6 = 8,000 கன மி.மீ. வகுத்தால் 105 மெகாபாஸ்கல். ஃபில்லெட் இருக்கும் மூலையில் இதைவிட ஓரளவு கூடுதலாக, ஒன்றேகால் மடங்கு ஒன்றரை மடங்கு என்ற அளவில் எதிர்பார்க்கலாம். மூன்று மடங்கு வந்தால் அது பொருளின் குறை அல்ல; மாடலின் குறை.

அந்த ஒரு ஃபில்லெட்டை மட்டும் திரும்பக் கொண்டுவந்தோம். அதன் கால்வட்ட நீளம் 9.4 மி.மீ. அங்கே மட்டும் 3 மி.மீ. எலிமென்ட் வைத்தபோது 127, 1.5-க்கு 135, 0.75-க்கு 137. ஏற்றம் அடங்கிவிட்டது. வளைவின் குறுக்கே ஆறு எலிமென்டுகளே போதும் என்பதும் இதிலேயே தெரிகிறது. 230-க்கு எதிரே 137. தகடு 20 மி.மீ.யாகவே இருக்கலாம். 28 மி.மீ.க்குப் போயிருந்தால் அச்சு புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும், ஒவ்வொரு தாங்கியிலும் எஃகு வீணாகியிருக்கும்.

விசை பாயும் பாதையில் இல்லாத உள்மூலைகளைக் கூர்மையாகவே விட்டுவிடலாம். எடுத்துக்காட்டாக, வரப்பின் அடியில் உள்ள மூலை. அங்கேயும் எண் ஏறும். ஆனால் 6 என்பது 8 ஆகி 11 ஆவதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: துளையை நீக்கிய பிறகு எண்கள் சந்தேகப்படும்படி இதமாக வருகின்றன

இது முந்தையதற்கு நேர் எதிர். கூர்மூலை பொய்யாகப் பயமுறுத்தும். நீக்கப்பட்ட துளை பொய்யாக ஆறுதல் சொல்லும். பட்டையை எடுத்துக்கொள்வோம். 12,000 நியூட்டனை 40 × 6 = 240 சதுர மி.மீ.யால் வகுத்தால் 50 மெகாபாஸ்கல். வயர் கிளிப்புத் துளையை நீக்கி ஓட்டினால் மென்பொருளும் அதையே சொல்லும். துளையோடு ஓட்டினால் அதன் ஓரத்தில் 153 வருகிறது.

துளை சின்னது, ஆகவே பாதிப்பும் சின்னது என்று மனம் நம்புகிறது. பலரிடம் நான் பார்த்த தவறான எண்ணம் இது. அகலமான தகட்டில் வட்டத் துளையின் ஓரத் தகைவு மூன்று மடங்கு என்று கிர்ஷ் 1898-இல் காட்டிய விடையில் துளையின் விட்டமே கிடையாது. பட்டையில் துளையை 6 மி.மீ.யிலிருந்து 4 ஆக்கினால் 153 என்பது 151 ஆகும், அவ்வளவுதான். அளவு குறைந்தால் பாதிக்கப்படும் வட்டாரம் சுருங்குகிறது, உச்சம் குறைவதில்லை. ‘சின்னது’ என்ற சொல் மெஷ்ஷுக்குத்தான் பொருந்தும். தகைவைப் பொறுத்தவரை துளை எங்கே இருக்கிறது என்பது மட்டுமே கேள்வி.

அதனால் நான் செய்வது இது. முதலில் எல்லாத் துளைகளையும் நீக்கிய மாடலை ஓட்டுகிறேன். துளை இருந்த இடத்தில் பெரிய முதன்மைத் தகைவையும் சிறிய முதன்மைத் தகைவையும் அடையாளத்தோடு படித்து இந்தச் சூத்திரத்தில் போடுகிறேன்:

```
உச்சம் = 3*S1 - S2
```

ஒரே திசை இழுவையில் S2 பூச்சியம், மூன்று மடங்கு. இரு திசையிலும் சம இழுவை என்றால் இரண்டு மடங்கு. ஒரு திசையில் இழுத்து மறுதிசையில் அதே அளவு அழுத்தினால் நான்கு மடங்கு. இரண்டுமே அழுத்தமாகவோ, அழுத்தம் இழுவையைவிட அளவில் பெரியதாகவோ இருந்தால், அளவில் பெரியதை S1 ஆக வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாங்கியில் 1.5 பாதுகாப்புக் காரணிக்கு அனுமதித்த தகைவு 230 ÷ 1.5 = 153. பெயர்த்தகட்டுத் துளைகள் இருந்த இடத்தில் S1 = 9, S2 = 2; உச்சம் 25. துளை போனது போனதுதான். பட்டையோ அந்த வரம்பை ஒட்டி நிற்கிறது: சூத்திரப்படி 150, துளையோடு மெஷ் செய்தால் 153. துளையை மாடலில் திரும்ப வைத்தோம். அதோடு நிற்காமல், வயர் கிளிப்பைப் பட்டையிலிருந்து அடித்தகட்டுக்கு மாற்றும்படி படத்தைத் திருத்தினோம். விஞ்சு ஒவ்வொரு முறை வலையை இழுக்கும்போதும் அந்தத் துளையோரம் இழுபட்டுத் தளரும். ஒருமுறைச் சுமையில் தாங்குவது, ஆயிரக்கணக்கான முறை இழுத்தால் அங்கிருந்துதான் விரிசல் விடும்.

சூத்திரத்துக்கு எல்லை உண்டு. துளை தகட்டின் விளிம்பிலிருந்தும் வேறு துளையிலிருந்தும் குறைந்தது இரண்டு மூன்று விட்டம் தள்ளி இருக்க வேண்டும். தகடு வளையாமல் இழுபடும் இடமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துளையோடுதான் ஓட்ட வேண்டும்.

அறிகுறி: பொருள் எதிர்பாராத திசையில் வளைகிறது, அல்லது அசைவே மிகக் குறைவாக இருக்கிறது

வளைவுகளை நீக்கியதும் பரப்புகளின் எண்கள் மாறிவிடும். `Face14` மீது வைத்த விசை இப்போது வேறொரு பரப்பின்மேல் உட்கார்ந்திருக்கக்கூடும். எனவே மாடலை எளிதாக்கி முடித்த பிறகே விசையையும் பிடிப்பையும் வையுங்கள். ஓட்டியதும் தாங்கு விசைகளின் கூட்டுத்தொகையைப் பாருங்கள்: 12,000 நியூட்டன், இழுவைக்கு எதிர்த்திசையில். அளவோ திசையோ வேறாக இருந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம்.

அசைவு மிகக் குறைவாக வந்தால் போல்ட் துளைகளை நீக்கிவிட்டு அடித்தகட்டின் அடிப்பரப்பு முழுவதையும் நிலையாகப் பிடித்திருப்பீர்கள். உண்மையில் தகடு போல்ட்டைச் சுற்றித்தான் பிடிபடுகிறது. இழுவையில் அதன் பின்விளிம்பு படகின் தளத்திலிருந்து எழப் பார்க்கும். துளையை நீக்கினாலும் பரவாயில்லை, எம்16 வாஷரின் 30 மி.மீ. வட்டத்தைப் பரப்பின்மேல் பதித்து, அந்த வட்டத்தை மட்டும் பிடியுங்கள்.

அறிகுறி: பட்டறையிலிருந்து வந்த வார்ப்பில் வளைவுகளே இல்லை

எளிதாக்கிய கோப்பு அச்சு செய்கிறவரிடம் போய்விட்டால் இப்படி ஆகும். ஒருமுறை எங்களுக்கே நேர்ந்தது, அனுப்பியது நாங்கள்தான். வெளி விளிம்புகள் கூர்மையாக வந்ததால் ஒரே மழைக்காலத்தில் பெயின்ட் உரிந்து துரு ஏறியது. உள்மூலையில் வளைவு இல்லாத இரண்டு வார்ப்புகளில், எஃகு ஆறும்போதே மூலையோடு விரிசல் ஓடியிருந்தது. அதன் பிறகு கணக்குக்கான மாடலை மூல மாடலிலிருந்து தனியாகப் பிரித்து, கோப்பின் பெயரிலேயே `_FEA` என்று சேர்க்கிறோம். எதை நீக்கினோம், எதைத் திரும்ப வைத்தோம் என்று ஒரு வரிக் குறிப்பும் அதனுள் இருக்கும். பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு கோப்பையும் அனுப்புவதற்கு முன், 6 மி.மீ. ஃபில்லெட் இருக்கிறதா என்று ஒருவர் திறந்து பார்த்துக் கையெழுத்திடுகிறார்.